ஒன்பது பத்திகள்

மலரில் இரண்டு பக்கம்தான் பாக்கி. அந்த இரண்டும் ராஜகோபாலனின் முத்துக் கட்டுரைக்கு.

தூத்துக்குடி வர்த்தகர்கள் சிலர் கூடிப் போடும் 1978ஆம் வருஷத்து மலர். வெளியீடு நாளை மறுநாள். ராஜகோபாலன் இருபத்தாறு வருஷமாகத் தமிழாசிரியர். அடுத்தவர் எழுத்தில் சிவப்பு மை போட்டே பழகியவர். தன் பேர் அச்சில் வருவது இதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் சொல்லியாகிவிட்டது. ஸ்ரீவைகுண்டத்து மைத்துனருக்குக் கார்டு போட்டாகிவிட்டது. மனைவி அம்புஜவல்லி இரண்டு பிரதி கேட்டிருக்கிறாள்.

மத்தியானம் அச்சகத்துக்குள் நுழைந்தபோது, முதலாளி பால்துரை புரூப் தாளை ஒரு பெண்ணிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எங்க அக்கா மவ, சார்வாள். மீன் ஆராய்ச்சியில இருக்கா. முத்து விஷயம்லா, ஒரு பார்வை பாக்கட்டுமேன்னு கொடுத்தேன்."

"பேஷா பாக்கட்டும்" என்று ராஜகோபாலன் உட்கார்ந்தார். பாராட்டு வாங்கத் தயாராக மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

அந்தப் பெண் படித்தாள். முதல் பத்தியில் புருவம் ஏறியது. மூன்றாவது பத்தியில் சிரிப்பு வந்தது. கட்டுரையில் சிரிக்க ஒன்றும் கிடையாது என்பது ராஜகோபாலனுக்குத் தெரியும்.

"சார், நம்ம ஊருக்கு நேரே கிடக்கது நடுப் பாரு. அதை விட்டுட்டு முதல்ல தெக்குப் பாருக்குப் போறீய. அங்கேருந்து ஒரே தாவா வடக்குப் பாரு. கடைசியில நடுப் பாரு. ஏன்?"

பார் என்றால் முத்துச் சிப்பி வளரும் கடலடிப் பாறைத் திட்டு. அதற்குமேல் ராஜகோபாலனுக்குத் தெரியாது. ஆனால் ஆசிரியர் அல்லவா, தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

"முக்கியத்துவம் கருதி அப்படி."

"முக்கியத்துவம் இல்ல சார், இன்ஜின். தெக்க போய்ட்டு வரும்போது இஞ்ஞாசி அண்ணன் போட்டுல இன்ஜின் நின்னுபோச்சு. அடுத்து வடக்கே போற போட்டுதான் கிடைச்சுது. நடுப் பாருக்குப் போவ மூணு மாசம் ஆச்சு. போன வரிசையிலேயே எழுதிட்டேன். உங்களுக்கும் இன்ஜின் நின்னுபோச்சோ?"

அச்சுக் கோக்கும் மாசானம்கூடக் கையை நிறுத்திவிட்டான்.

"எழுதிட்டேன்னா... நீங்களா?"

"வர்த்தகர் சங்கத்து நூலகத்துல மெட்ராஸ் பத்திரிகை ஒண்ணு எடுத்திருப்பீய. முப்பத்தாறாம் பக்கம். கீழே முத்துக்கனின்னு பேரு போட்டிருக்கும்."

அந்தப் பத்திரிகை அவருடைய பையிலேயே இருந்தது. பேரைப் பார்த்த ஞாபகம் மட்டும் இல்லை.

"அம்மா, ஒரு வரிகூட நான் காப்பி பண்ணலை. எல்லாம் சொந்த நடை. வேணும்னா ஒத்துப் பாருங்கோ."

"பாத்தேனே. என் கட்டுரையில ஒன்பது பகுதி. உங்க கிட்ட ஒன்பது பத்தி. நான் நண்டுக்குப் போனா நீங்களும் நண்டுக்குப் போறீய. நான் மணலுக்கு வந்தா நீங்களும் வாரீய. என் வீட்டுக்குள்ளேயே குடியிருந்துகிட்டு வெள்ளை மட்டும் அடிச்சிருக்கீய."

பால்துரைக்குத் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது போல இருமல் வந்தது.

"சுருக்கம்னா அப்படித்தானே எழுதணும்? வரிசை மாறாம, சொந்த நடையில, மூணில் ஒண்ணா. இதுக்குத்தான் பத்து மார்க் போடறேன்."

"பரீட்சையில சரி. அங்க மூலப் பத்தி கேள்வித்தாள்லயே இருக்கும். யார் எழுதினதுன்னு யாரும் கேக்கப் போறதில்ல. இந்த மலரை வாங்குதவன் கையில என் கட்டுரை இருக்கா?"

இருபத்தாறு வருஷத்தில் இந்தக் கேள்வி ராஜகோபாலனுக்குத் தோன்றியதே இல்லை. போன மாதம்தான், முன்வரிசைப் பையனின் கட்டுரையைப் பார்த்து எழுதியதற்காக ஆதிநாதனை வெளியே நிற்க வைத்திருந்தார். அவனும் சொற்களை மாற்றித்தான் எழுதியிருந்தான்.

"ஏளா, நாலு மணிக்கு பக்கத்தையெல்லாம் பாரமா கட்டி மிஷின்ல ஏத்தணும்" என்றார் பால்துரை. "சரிப்படலைன்னா சொல்லு. சார்வாள் கட்டுரையை எடுத்துட்டு உப்பு விளம்பரம் ஒண்ணு போட்டுருதேன்."

உப்பு விளம்பரம். மைத்துனருக்குப் போன கார்டு ராஜகோபாலனின் கண்முன் வந்து நின்றது.

"வரிசையை மாத்திடறேன்" என்றார் அவசரமாக. "நடுப் பாரை முன்னால கொண்டுவந்துடறேன். அப்ப அது என் கட்டுரைதானே? உங்க பேர் வேண்டியதில்லையே?"

முத்துக்கனி புரூப்பில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"ஒரு முங்குக்கு எத்தனை சிப்பின்னு இங்க போட்டிருக்கீய. எண்ணினது யாரு?"

ராஜகோபாலன் புரூப்பின் மேல் குனிந்தார்.

"நீங்களா முங்குனீய?"

"எனக்குத் தாமிரபரணியிலேயே முழங்கால் தண்ணிதான்."

"நானும் முங்கல. முங்கினவங்க கொண்டாந்ததைப் போட்டுல வாந்தி எடுத்துக்கிட்டே எண்ணினேன். வரிசையும் வார்த்தையும் உங்களுதா ஆவலாம். எண்ணிக்கை ஆவாது. குஞ்சுச் சிப்பி வருஷாவருஷம் பாறையில வந்து ஒட்டுது, மணல் மூடிச் சாவுதுங்கிறது என் முடிவு. அது தப்பாக்கூட இருக்கும். பேரு போட்டாத்தானே என்னைத் திட்டுவான்? இல்லைன்னா உங்களைத்தான் திட்டுவான்."

"அப்போ வரிக்கு வரி உங்க பேரா?"

"எதுக்கு? இங்க முன்னால முத்துக் குளிச்சாங்க, இப்ப இல்லைங்கிறது ஊருக்கே தெரியும். அதுக்கு எவன் பேரும் வேண்டாம்."

ராஜகோபாலன் பையிலிருந்து பத்திரிகையை எடுத்தார். முத்துக்கனி அதை வாங்கி, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"பாக்காம எழுதுங்க. நம்பர் வேணும்னா கடைசியில காட்டுதேன்."

மணி இரண்டே கால். ராஜகோபாலன் புரூப்பின் பின்பக்கத்தைத் திருப்பினார். பேனா நகரவில்லை. முதலில் எது வரும்? அவருக்கு நினைவில் நின்றது தெற்குப் பாரும் இல்லை, வடக்குப் பாரும் இல்லை. மலரை வாங்கும் கடைக்காரர் என்ன கேட்பார்? முத்து திரும்ப வருமா என்றுதான் கேட்பார். அதையே முதல் வரியாக எழுதினார். வரலாம், ஆனால் மணல் விடாது என்று முத்துக்கனி சொல்வதை அடுத்த வரியாக எழுதினார். ஏன் விடாது என்பதற்கு மூன்று பார்களையும் ஒரே பத்தியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நண்டை விட்டுவிட்டார். எண்களை வாங்கி இட்டு நிரப்பினார். நான்கு பத்தி ஆயிற்று.

மணி மூன்று. முத்துக்கனி தாளை வாங்கி, நாற்காலியிலிருந்து எழுந்து, பத்திரிகையோடு ஒத்துப் பார்த்தாள். ஓர் இடத்தில் நின்றாள்.

"முன்ன இதை 'சிப்பியினத்திற்குத் திடமான தளம் இன்றியமையாததாகும்'னு கொன்னிருந்தீய."

"சொந்த நடை."

"இப்ப 'சிப்பிக்குத் தரை வேண்டும், மணல் தரையாகாது'ன்னு என் வரியையே அப்படியே போட்டிருக்கீய."

"மேற்கோள் குறிக்குள்ள போட்டிருக்கேன், பாத்தேளா? அந்த வரி மட்டும் மனசுல அப்படியே நின்னுடுத்து. அதைவிட நன்னா என்னால சொல்ல முடியலை."

முத்துக்கனி முதல்முறையாகக் கூச்சத்தோடு தலை குனிந்துகொண்டாள்.

மாசானம் எழுத்துக் கோக்க ஆரம்பித்தான். கடைசியில் முத்துக்கனி கட்டுரையின் பேர், பத்திரிகையின் பேர், மாதம், பக்கம் எல்லாம் ஒரு வரியில் வந்தன. தலைப்புக்குக் கீழே யார் பேர் என்று கேட்டான்.

"சார் பேருதான்" என்றாள் முத்துக்கனி. "சுருக்கினது அவருல்லா."

நாலு மணிக்குப் பாரம் மிஷினில் ஏறியது. கட்டுரை சுருங்கியதில் அரைப் பக்கம் மிச்சம். அதில் உப்பு விளம்பரம் போயிற்று. பால்துரைக்கு முகம் நிறைந்த சிரிப்பு.

முதல் தாளை மை காயும் முன்பே ராஜகோபாலன் கையில் பிடித்திருந்தார். அவருடைய பேர் தலைப்புக்குக் கீழே இருந்தது. முத்துக்கனியின் பேர் இரண்டாவது வரியிலேயே இருந்தது.

"சார்" என்றாள் அவள், பையை எடுத்துக்கொண்டு. "மூணு பாரையும் பக்கத்துல பக்கத்துல வச்சீயல்லா, அது எனக்குத் தோணவே இல்ல. அடுத்த கட்டுரையில அப்படியே எடுத்துக்கிடட்டா?"

"தாராளமா எடுத்துக்கோங்கோ."

அவள் வாசல் தாண்டியதும் அவர் குரல் கொடுத்தார்.

"அடிக்குறிப்பு மறந்துடாதேங்கோ!"