நாளைக்கு எண்பது கிலோமீட்டர்

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய் நடக்கவைக்கும் பிசியோதெரபிஸ்ட் அவள். ஏழு வருடம் ஸ்கூட்டரில் அலைந்து சேர்த்த பணத்தோடு, தம்பி சேல்ஸ்மேனாக இருக்கும் கார் ஷோரூமுக்கு வந்திருந்தாள். தம்பி வாயெல்லாம் பல்லாக நின்றான்.

“உனக்கு டீசல்தான்க்கா. பெட்ரோல் வண்டிய விட ஒரு லட்சத்து நாப்பதாயிரம் கூட. ஆனா அதுல கிலோமீட்டருக்கு அஞ்சு ரூபா, இதுல மூணு அறுபதுதான். நாலே வருஷத்துல போட்டது கைக்கு வந்துடும்.”

அவன் நீட்டிய தாளில் எல்லாம் முன்கூட்டியே அச்சாகியிருந்தது. ஓட்டம்: ஒரு நாளைக்கு எண்பது கிலோமீட்டர்.

“நான் எங்கடா எம்பது ஓடுறேன்? இருபத்தஞ்சத் தாண்டாது.”

“அது சும்மா ஒரு கணக்குக்கா.”

சும்மாவாம். தாளைத் திருப்பிப் போட்டு அவளே எழுதினாள். கிலோமீட்டருக்கு மிச்சம் ஒன்று நாற்பது. அப்படியானால் லட்சம் கிலோமீட்டர் ஓடினால்தான் கூடுதல் விலை திரும்பும். அவள் ஓடுவது வருடத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. பதிமூன்று வருடம்! அதற்குள் வண்டி இரும்புக் கடைக்குப் போய்விடும்.

“கேஸ் வண்டி?”

“தொண்ணூறாயிரம் கூட. கிலோமீட்டருக்கு மூணு ரூபா” என்றான், சுரத்தில்லாமல்.

ஆறு வருடத்தில் கட்டுப்படியாகும். ஆனால் டிக்கியைச் சிலிண்டர் அடைத்துக்கொண்டால், சிகிச்சைக்கான மடக்குக் கட்டிலைத் தலையிலா சுமப்பது? பெட்ரோல்தான், வேறு பேச்சே இல்லை.

“அப்புறம் ஏண்டா டீசல் டீசல்னு உயிர வாங்குற?”

“பழைய ஸ்டாக்குக்கா. தள்ளிவிட்டா டபுள் கமிஷன்.”

கூடப் பிறந்தவன், கூசாமல் சொன்னான். பெட்ரோல் வண்டிக்கான தாளைத் தேடி அவன் ஃபைலை இழுத்தாள். மேலேயே ஒரு கையெழுத்து. அவளிடம் சிகிச்சை எடுக்கும் கணக்கு வாத்தியாருடையது. “என் தம்பிதான் சார், நம்பிப் போங்க” என்று போன மாதம் அனுப்பிவைத்தவளே அவள்தான். டீசல். நாளைக்கு எண்பது கிலோமீட்டர். அந்த மனிதர் கடைத்தெருவைத் தாண்டிப் போவதே இல்லை.

“அவர் ஒண்ணும் கேக்கலியேக்கா” என்றான் தம்பி.

காறித் துப்பலாம் போலிருந்தது. துப்பவில்லை. அங்கேயே வாத்தியாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

“சார், உங்களுக்குப் போட்டுக் குடுத்த கணக்கு தப்பு. என் தம்பி உங்கள ஏமாத்திட்டான்.”

அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தெரியும்மா. அந்த எம்பதப் பார்த்ததுமே தெரிஞ்சுது. நீங்க அனுப்பின எடமாச்சேன்னு கையெழுத்துப் போட்டேன்.”

தம்பி ஸ்பீக்கரை அணைக்கக் கை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.