தலைப்பாகையைப் பார்த்து நின்றவர்கள்

1946இல் திருத்தணியில் ஒரு பள்ளியில் இறுதித் தேர்வுக்கு இன்னும் அரைமணி இருந்தது. மாணவர்கள் மைதானத்தில் குனிந்து நிமிர்ந்துகொண்டிருப்பதைக் கண்ட தலைமையாசிரியர் சேஷாசலம், அதை நிறுத்தச் சொல்ல வேகமாகப் போனார். அதற்குள் முப்பது பேரும் ஒரு பாதத்தை மறு தொடையில் ஊன்றி, கைகளை உயர்த்திக் கூப்பி, ஒற்றைக்காலில் நின்றிருந்தார்கள்.

"அசையாதீங்க சார்," என்றார் ட்ரில் மாஸ்டர் ஃபக்ருதீன். "ஒரே எடத்தப் பாத்தாதான் நிக்க முடியும். எல்லாரும் உங்க தலைப்பாகையத்தான் பாத்துகினு இருக்காங்க."

சேஷாசலம் மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றார்.

"மூச்ச அடக்காதீங்க. மெதுவா வுடுங்க."

விட்டார். ஐந்து மூச்சானதும் மாணவர்கள் கால் மாற்றினார்கள். அவர் மறுபடியும் அசையாமல் நின்றார். பிறகு எல்லோரும் மல்லாந்து படுத்துக் கண்களை மூடினார்கள். யாரும் தலைப்பாகையைப் பார்க்காத அப்போதும் சேஷாசலம் நகராமல் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

மணியடிக்க வந்த சுப்பனிடம், "மெதுவா அடிப்பா," என்றார்.