மாடி விளிம்பில் நான்கு மீட்டர் சங்கிலி

தாரணிக்குப் பயம் கூடவே பிறந்தது. பெம்பானில் உள்ள வீட்டிலிருந்து ஆயர் குரோவில் இருக்கும் கல்லூரிக்குத் தன் பழைய 'கஞ்சில்' சின்னக் காரை ஓட்டி வரும்போது, முன்னால் போகும் லாரியின் பின்கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வருவாள். பக்கத்து இருக்கையில் கோமளா அக்கா சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். தாரணி படிக்கும் கல்லூரியில்தான் அக்காவுக்குத் துப்புரவு வேலை. பஸ்ஸுக்காக மழையில் நின்றவரை ஒரு நாள் ஏற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து இருவரும் ஒன்றாகவே வருகிறார்கள்.

"ஏம்மா, லாரிக்காரனுக்கு இல்லாத கவலை ஒனக்கு எதுக்கு?"

"அவரால பின்னால பாக்க முடியாதுல்லக்கா. நாமதான் பாக்கணும்."

அன்று காலையும் அந்தப் பேச்சுதான் நடந்தது. ஆனால் தாரணிக்கு அன்று வேறொரு கவலையும் இருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு, கல்லூரியைச் சுற்றிப் பார்க்கும் திறந்த நாளுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் முன்னால், அவளும் உடன் படிக்கும் கோகுலராஜும் ஒரு சோதனையைச் செய்து காட்ட வேண்டும். மேசை விளிம்பிலிருந்து சரிந்து விழும் சங்கிலி. பௌதிகம் படிப்பவர்கள் எல்லாரும் தாளில் போட்டுப் பார்க்கும் பழைய கணக்கு. அதைப் பெரிதாகக் காட்டலாம் என்பது கோகுலின் யோசனை. மாடி நடைபாதையில் மேசைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் அலுமினியத் தடம் ஒன்றைப் பொருத்தி, அதில் நான்கு மீட்டர் இரும்புச் சங்கிலியை நீளவாக்கில் கிடத்தினார்கள். கைப்பிடிச் சுவரைத் தாண்டி நீண்ட முனையில் சங்கிலியின் ஒரு பகுதி கீழ் மண்டபத்தை நோக்கித் தொங்கியது.

கணக்கைப் போட்டவள் தாரணி. வெள்ளைப் பலகையில் கோகுலுக்கும் விளக்கியிருந்தாள்.

"கீழ இழுக்கறது தொங்கற பகுதியோட எடை மட்டும். தடுக்கறது மேல கெடக்கற பகுதியோட உராய்வு. ஆனா நகர வேண்டியது மொத்தச் சங்கிலியும். அத மறந்துட்டு தொங்கற பகுதிக்கு மட்டும் கணக்கு போட்டா, கல்லு விழற மாதிரி விடை வரும். தப்பு."

"சரி டீச்சர்."

"கேலி பண்ணாத. தொங்கற நீளம் ஒரு எல்லைய தாண்டாத வரைக்கும் சங்கிலி அசையாது. தாண்டிடுச்சுன்னா, எவ்ளோ தாண்டிச்சோ அதுக்குத் தகுந்த மாதிரி வேகம் கூடும். அது நகர்ந்தா இன்னும் தாண்டும். இன்னும் தாண்டினா இன்னும் வேகமா நகரும். கொஞ்சம் வேகம் பிடிச்சிட்டா அரை நொடிக்குள்ளயே ரெண்டு மடங்கு. அப்புறம் அதுல ரெண்டு மடங்கு."

"எடை அதிகமா இருந்தா இன்னும் வேகமா?"

"இல்ல. எடை சமன்பாட்டுல ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். நூல் மாதிரி சங்கிலியும் இதுவும் ஒரே மாதிரிதான் விழும்." அங்கே அவள் நிறுத்தினாள். "விழற எடத்துல யாராச்சும் இருந்தாத்தான் வித்தியாசம் தெரியும்."

"தாரணி பயப்புராணம், முதல் அத்தியாயம்," என்று கோகுல் கைகூப்பினான்.

அவன் கெட்டவன் அல்ல. கீழே மண்டபத்தில் மஞ்சள் நாடா கட்டியவனும், சங்கிலியின் வால் முனையைத் தடத்தோடு கிளாம்ப் போட்டு இறுக்கியவனும் அவன்தான். கிளாம்ப் இல்லாமலும் அது நிற்கும் என்று முந்தின நாளே பார்த்திருந்தார்கள். தொண்ணூறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தொங்கவிட்டால்தான் நகரத் தொடங்கியது. இப்போது தொங்கியது எழுபது. போதிய இடைவெளி இருந்தது.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. பௌதிக விரிவுரையாளர் நளினி மேடம் பள்ளிப் பேருந்துகளை வரவேற்கக் குடையோடு வாசலுக்குப் போனார். தாரணி தொலைபேசியைத் தாங்கியில் பொருத்தி, தடத்தின் நடுப்பகுதி முழுவதும் படத்தில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் ஏதோ இனிப்பான எண்ணெய் வாடை அடித்தது.

"என்ன வாசம் கோகுல்?"

"சிலிக்கோன் ஸ்பிரே லா. நேத்து வீடியோவ வெச்சுப் போட்ட வளைகோடு கொஞ்சம் சொரசொரன்னு வந்துச்சுல்ல? அதான் தடத்துல அடிச்சேன். வாலுக்கு அடியிலயும் அடிக்கணும்னு கிளாம்ப கழட்டினேன். பயப்படாத, எழுபதுலதான் இருக்கு. நேத்து எண்பதுக்கே நின்னுச்சே."

தாரணியின் காதுக்குள் மழைச் சத்தம் நின்றுபோனது போல இருந்தது. நேற்று நின்றது நேற்றைய உராய்வில். எல்லையைத் தீர்மானிப்பதே உராய்வுதான். அதைக் குறைத்தால் எல்லையும் இறங்கும். அவன் அடித்த எண்ணெய் கண்ணிகளுக்கு அடியில் மெல்ல ஊறிக்கொண்டிருக்கிறது. எல்லை ஒவ்வொரு கணமும் கீழே வந்துகொண்டிருக்கிறது. எழுபதை நோக்கி.

"கிளாம்ப போடு," என்றாள். அவனுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "கோகுல், கிளாம்ப போடு!"

"எங்க வெச்சேன்..." என்று அவன் மேசைக்கடியில் குனிந்தான்.

அவள் கைப்பிடிச் சுவருக்கு மேலாகக் கீழே எட்டிப் பார்த்தாள். மஞ்சள் நாடாவுக்கு உள்ளே, தொங்கும் சங்கிலிக்கு நேர் கீழே, கோமளா அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார்.

"அக்கா எப்படி அங்க?"

"வெளிய அவங்க உக்கார்ற எடம் நனைஞ்சிருச்சு. பாவமா இருந்துச்சு, நான்தான் ரெண்டு மணி வரைக்கும் உக்காருங்கன்னு..." கோகுல் தலை தூக்கினான். சொன்னது அவனுக்கே உறைத்தது.

அப்போது சங்கிலி நகர்ந்தது.

நகர்ந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு கண்ணி விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இப்போது விளிம்புக்கு அந்தப் பக்கம் இருந்தது. எறும்பு ஊர்வது போல அடுத்ததும் போனது. சத்தமே இல்லை. பார்ப்பவர் யாரும் அதை ஆபத்து என்று சொல்லமாட்டார்கள். இவ்வளவு மெதுவாகப் போகிறதே, நேரம் இருக்கிறது, கிளாம்பைத் தேடலாம், படிக்கட்டில் இறங்கி ஓடலாம் என்றுதான் தோன்றும். கோகுலுக்கும் அப்படித்தான் தோன்றியது. "கீழ ஓடறேன்!" என்று படிப்பக்கம் திரும்பினான்.

தாரணியின் உடம்பு முழுவதும் பின்னால் போ என்றது. சுவரோடு ஒட்டிக்கொள், கண்ணை மூடிக்கொள், முருகா என்று கத்து என்றது. கத்தினால் அக்கா அண்ணாந்து பார்ப்பார். எழுந்து நகர்வதற்குள் சங்கிலி முகத்திலேயே விழும்.

ஆனால் இரவுகளில் தூக்கம் வராமல் திரும்பத் திரும்பப் போட்ட கணக்கு அவளுக்குள் தானாகவே ஓடியது. முதல் நொடியில் இரண்டு விரல் அகலம். இரண்டாவது நொடியில் ஒரு சாண். மூன்றாவதில் ஓர் ஆள் கையை நீட்டி எட்டும் நீளம். நான்காவது நொடி என்று ஒன்று இல்லை. படிக்கட்டில் கோகுல் பாதி தூரம்கூடப் போகமாட்டான்.

அந்தக் கணக்கிலேயே இன்னொன்றும் இருந்தது. எல்லையைத் தாண்டிய அளவுதான் இழுக்கும் விசை. இந்தக் கணத்தில் தாண்டியது கொஞ்சம். ஆகையால் இந்தக் கணத்தில் இந்த இரும்பை ஒரு கையால் நிறுத்தலாம். அடுத்த கணத்தில் இரண்டு கைகள் வேண்டும். அதற்கு அடுத்த கணத்தில் யாராலும் ஆகாது.

முருகா என்று வாய் சொல்லும்போதே அவள் தடத்தின் மேல் விழுந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் சங்கிலியின் மேல் வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினாள். கண்ணிகள் எண்ணெயில் வழுக்கி, தோலைச் சுரண்டிக்கொண்டு, அவளையும் ஓர் அடி இழுத்தன. பிறகு நின்றன.

கீழே ஒரு கண்ணி மற்றொன்றில் மோதி டிங் என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான்.

"கோகுல்," என்றாள். மூச்சு விடவே பயமாக இருந்தது. "வா. ஓடாத. வாலப் பிடிச்சு பின்னால இழு. மெதுவா."

அவன் வந்தான். அழுதுகொண்டே இழுத்தான். எண்ணெயில் கை வழுக்கி இரண்டு தடவை நழுவவிட்டான். தொங்கிய பகுதி முழுவதும் மேலே வந்து மேசையில் கிடந்த பிறகும் தாரணியால் கைகளை எடுக்க முடியவில்லை. கோகுல்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.

அவள் கீழே இறங்கிப் போனாள். அக்கா வாயில் சோற்றோடு நிமிர்ந்தார்.

"வா தாரணி, சாப்ட்டியா? ஐயோ, கையில என்ன ரத்தம்?"

தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கழுவினார். தன் தோளில் கிடந்த துண்டின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினார். கட்டி முடிக்கும்வரை தாரணி எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. அக்கா மேலே பார்த்தார். வெறும் விளிம்பு தெரிந்தது. பாத்திரத்தை மூடி, நாற்காலியைத் தூக்கி நாடாவுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டார்.

கோகுல் தூணுக்குப் பின்னால் நின்றான். வரத் தைரியமில்லை.

"இங்க வாய்யா," என்றார் அக்கா. "மழைக்கு ஒதுங்க எடம் குடுத்தது தப்பில்ல. குடுத்தவங்க அங்கன ஒரு ஆள் இருக்குன்னு ஞாபகம் வெச்சுக்கணும். நீ இன்னும் சாப்பிடல, மொகத்தப் பாத்தாலே தெரியுது. இந்தா." கருவாட்டுத் துண்டோடு ஒரு கைச் சோற்றை மூடியில் வைத்து நீட்டினார். அவன் தலை குனிந்தபடி வாங்கிக்கொண்டான்.

நளினி மேடம் எல்லாவற்றையும் கேட்டு, மாடிச் சோதனையை அங்கேயே நிறுத்தினார். யாரையும் திட்டவில்லை. நாடாவுக்குள் ஆள் இருக்கிறாரா என்று தானும் பார்க்காமல் போனதைத்தான் இரண்டு முறை சொன்னார். இரண்டு மணிக்குக் கீழ்த் தளத்து ஆய்வுக்கூடத்தில் சாதாரண மேசையில், கழுத்துச் சங்கிலி போல மெல்லிய ஒன்றை வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். விழும் இடத்தில் மணல் பெட்டி வைத்தார்கள். பேசும்போது தாரணியின் குரல் இன்னும் உடைந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அதைக் கவனிக்கவில்லை. சங்கிலி முதலில் தூங்கிவழிந்து, பிறகு சட்டென்று பாய்ந்து மறைவதைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

கூட்டம் போன பிறகு கோமளா அக்கா துடைப்பத்தோடு உள்ளே வந்தார். மேசைக்குச் சற்றுத் தள்ளியே நின்றார்.

"இதுதானா அது?"

"இதுதான்க்கா. அதே கணக்கு."

"ஒரு தடவை விடு, பாக்கறேன்."

தாரணி சங்கிலியை அடுக்கி, எல்லையை ஒரு கண்ணி தாண்டும்படி தொங்கவிட்டு விரலை எடுத்தாள். அது ஊரத் தொடங்கியது. அக்காவின் கை தானாகவே நீண்டது. ஆள்காட்டி விரலைச் சங்கிலியின் மேல் வைத்தார். நின்றுவிட்டது.

"இவ்ளோதானா?" என்றார், நம்பாமல்.

தாரணி துண்டுக் கட்டுப் போட்ட தன் கைகளைப் பார்த்தாள்.

"ஆரம்பத்துல இவ்ளோதான்க்கா," என்றாள். "ஆரம்பத்துல மட்டும்தான்."

அக்கா விரலை எடுக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் வந்துவிட்டது என்று தாரணி சொல்லும்வரை, அந்த மெல்லிய சங்கிலியைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தார்.