ஆட்சேபணை இல்லாதவர்

அன்று கடைசி நாள்; சாயங்காலம் ஐந்து மணிக்குப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை ஜன்னல் மூடிவிடும். கொல்கத்தா பொதுப்பணி அலுவலகத்தின் இளநிலைப் பொறியாளர் மல்லிகா சாம்பூயி, நிர்வாகப் பொறியாளர் ஹிமாங்ஷு பாபுவின் மேஜைமுன் மூன்றாவது தடவையாக நின்றாள். போன வருடமும் இதே மேஜையில்தான் அவளுடைய மாலைநேரப் பட்டப்படிப்புக்கான மனு கிடந்து காலாவதியானது.

"சார், ஆட்சேபணையில்லைன்னு கடிதம் இல்லாம சேத்துக்க மாட்டாங்க. வகுப்பு ஆறு மணிக்கு. காலைல அரைமணி முன்னாடி வந்துட்டு, அஞ்சுக்குக் கிளம்பறேன். அதுக்கப்புறம் வேலையிடத்துலேர்ந்து அழைப்பு வந்தா நம்ம செக்‌ஷன் பிஜன்-தா பாத்துக்கறார். சம்மதம்னு மனுவுல கையெழுத்தும் போட்டிருக்கார்."

ஹிமாங்ஷு பாபு பொரியை மென்றார். கல்வியின் மேன்மையைப் பற்றி அவர் பேசாத ஆண்டுவிழா கிடையாது.

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லம்மா. அதை எழுதிக் குடுக்கறதுலதான் தயக்கம். மேலே அனுப்பிக் கேப்போமே?"

"கேட்டு பதில் வர்றதுக்குள்ள இந்த வருஷமும் போயிடும் சார்." மனுவை அவர் பக்கம் நகர்த்தினாள். "அப்ப ஆட்சேபணை இருக்குன்னாவது எழுதுங்க. காரணத்தோட. அதை எடுத்துக்கிட்டு நானே மேலே போறேன்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். மறுப்பதற்குக் காரணம் எழுத வேண்டும். எழுதிய காரணத்துக்கு யாராவது விளக்கம் கேட்பார்கள். சம்மதத்துக்குக் காரணமே வேண்டாம். பேனா உடனே நகர்ந்தது. 'அலுவலகப் பணி பாதிக்கப்பட்டால் எந்நேரமும் ரத்து செய்யப்படும்' என்று தற்காப்புக்கு ஒரு வரியையும் சேர்த்து முத்திரை குத்தினார்.

மணி நாலேகால். மல்லிகா நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள்.