நாலு கேள்வியும் பொன்னுசாமி வீடும்

ஓசூர் பாகலூர் ரோட்டில், டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஜமீர் அகமதுவின் கம்ப்யூட்டர் ஆபீஸ். அங்கே ஏசி மெஷினுக்குப் போட்டியாகச் சத்தம் போடக்கூடிய ஒரே ஆள் முனவர் பேகம்தான். கிருஷ்ணகிரி பாலிடெக்னிக்கில் வரைபடம் படித்தவள். படித்ததைவிட அதிகமாகக் குறை சொல்லத் தெரிந்தவள். அதற்காகவே அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். வீட்டில் ஓசியாகச் செய்துகொண்டிருந்த காரியம்தான்.

ஆபீசின் தொழில் இதுதான்: இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி கம்ப்யூட்டரில் செய்து, போட்டோபோல ஒரு படமாக எடுத்துக் கொடுப்பது. லால் பாஷா சுவர் எழுப்புவான், கல் ஒட்டுவான், ஒரு சூரியனை எங்காவது மாட்டுவான், சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது பட்டனைத் தட்டிவிட்டுப் போவான். மெஷின் ராத்திரியெல்லாம் முனகி முனகி விடிவதற்குள் படத்தைப் பெற்றுப் போடும். அதற்குப் பெயர் ரெண்டர். தொண்ணூற்றேழில் ஓசூரில் இந்தப் பெயரைக் கேட்டவர்கள் அதை ஏதோ லேத் மெஷின் பாகம் என்றுதான் நினைத்தார்கள்.

காலையில் முனவர் வந்து அந்தப் படத்தின் முன் உட்காருவாள். மானிட்டர் ஓரத்தில் அவள் ஒட்டி வைத்திருந்த தாளில் நாலு கேள்வி. ஒரே கல் திரும்பத் திரும்ப வருகிறதா? நிழல் நடக்கக்கூடிய நிழல்தானா? எதுவாவது அந்தரத்தில் நிற்கிறதா? ஒன்றுக்கொன்று அளவு பொருந்துகிறதா? இந்த நாலில் எதிலாவது மாட்டினால் லால் பாஷாவுக்கு அன்று டீ இறங்காது. போன வாரம் ஒரு வீட்டு வாசலில் அழகுக்கு ஒரு பசுமாட்டை நிறுத்தியிருந்தான். மாடு காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டி ரோட்டை வேடிக்கை பார்த்தது.

"இந்த மாட்டுல பால் கறக்க ஏணி வேணும் பாஷா," என்றாள் முனவர்.

"சின்னதாக்கிட்டாப் போச்சு."

"ஆக்கு. அதோட கால் தரையில படல, அதையும் எறக்கி உடு."

இப்படியே சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜமீர் பாய் ஒரு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். ரெண்டர் வேலை சரியாக ஓடவில்லை. தளி ரோட்டில் வரிசையாக வீடு கட்டி விற்கப்போகும் பொன்னுசாமியின் ஆர்டர் கிடைத்தால் ஆபீஸ் பிழைக்கும். கிடைக்காவிட்டால் மெஷின்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இந்த இடத்தில் ஜெராக்ஸும் எஸ்டிடி பூத்தும் போடுவதாக முடிவு செய்திருந்தார்.

"உன்னை அனுப்ப மாட்டேம்மா. பூத்துல பில்லு கிழிச்சுக் குடுக்க ஆளு வேணுமில்ல," என்றார் அன்போடு.

யாரோ யாருக்கோ போன் பேச, தான் கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து பில் மீட்டரின் சிவப்பு நம்பரைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியை முனவரால் நினைக்கவே முடியவில்லை. இந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. உலகத்தில் வேறெங்கே ஒரு பெண் சூரியனை நகர்த்தி வை என்று சொல்லி, ஓர் ஆம்பிளை நகர்த்தி வைக்கிறான்?

"பெங்களூர் கம்பெனி ஒண்ணும் இதுக்குப் படம் குடுத்திருக்குதாம். நாளைக்கு அதை எடுத்துட்டு வர்றாரு. நீ பாத்து நறுக்குனு நாலு குத்தம் சொல்லு. நம்மளுக்குக் கண்ணு இருக்குதுன்னு அவருக்குத் தெரியோணும்," என்றார் ஜமீர் பாய்.

பொன்னுசாமி நாமக்கல் பக்கத்து ஆள். சிப்காட்டில் நட்டு போல்ட் செய்யும் பட்டறை வைத்து மேலே வந்தவர். மறுநாள் மனைவி வீரலட்சுமியோடு வந்தார். பெரிய கவரிலிருந்து ஒரு படத்தை உருவி மேஜையில் வைத்து, "மொதல்ல இதப் பாரும்மா," என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. ஜமீர் பாய் முனவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

பளபளவென்று பெரிய தாளில் ஒரு வீடு. வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலம். கரண்டுக் கம்பி ஒன்றுகூட இல்லை. மனைகளின் வரைபடம் ஏற்கெனவே ஆபீசுக்கு வந்திருந்தது. அதில் இருக்கும் முதல் வீடுதான் இது என்று முனவருக்குப் பட்டது, அதுவும் வடக்கு வாசல்தான். பெங்களூர்க்காரன் மாட்டினான் என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"முன்பக்கச் சுவத்தப் பாருங்க சார். கல்லு ஒட்டின மாதிரி பண்ணியிருக்காங்க. இந்தக் கல்லுல ஒரு மூலை ஒடைஞ்சு நாய்க்காது மாதிரி இருக்குதுங்களா? கண்ணச் சுருக்கிப் பாருங்க. இங்க அதே காது. இங்க அதே காது. சுவரு பூரா ஒரே நாயிங்க. சின்னத் துண்டு ஒண்ண எடுத்துத் திருப்பித் திருப்பி ஒட்டியிருக்காங்க. சோம்பேறி வேலை."

பொன்னுசாமி குனிந்து பார்த்தார். வீரலட்சுமி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். இருமல் போல என்று முனவர் நினைத்தாள்.

"அடுத்தது, இந்த வாசப்படி. எந்தப் பொருளு தரையில நின்னாலும் அடியில கருப்பா ஒரு கோடு விழும். தரையும் பொருளும் சேர்ற எடத்துல வெளிச்சம் போகாதில்லைங்களா. இந்தக் கடைசிப் படிக்கு அடியில பாருங்க, கோடு இல்ல, சந்து இருக்குது. படி அந்தரத்துல தொங்குது. இதுல ஏறோணும்னா குதிச்சுத்தான் ஏறோணும்."

"குதிச்சுத்தான்," என்றார் வீரலட்சுமி.

ஜமீர் பாய் ரசித்துத் தலையாட்டினார். அது முனவருக்கு இன்னும் ஏற்றிவிட்டது.

"கதவு இருக்குதே, அதுதாங்க பெரிய கூத்து. அளவு பாக்கறதுக்கு ஒரு வழி இருக்குது. நம்மளுக்கு அளவு தெரிஞ்ச சாமான் ஒண்ணப் புடிச்சுக்கோணும். இங்க பிளாஸ்டிக் சேரு கெடக்குது. சேரு எவ்வளவு ஒசரம்னு எல்லாருக்கும் தெரியும். அதை வெச்சு அளந்தா இந்தக் கதவு யானை போற ஒசரம் வருது. அதுக்கு மேல ஜன்னல் பாருங்க, கோழிக்கூட்டு அளவு. மனுசன் குடியிருக்கற வீட்டுக்கு எவனாவது இப்பிடிக் கதவு வெப்பானுங்களா?"

வீரலட்சுமியால் அதற்குமேல் முடியவில்லை. சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பொன்னுசாமி சிரிக்கவில்லை. அவர் காது மட்டும் சிவந்திருந்தது.

முனவர் அந்தச் சிரிப்பைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கடைசி அடியைப் போட்டாள். "நிழலும் தப்புங்க. வடக்குப் பாத்த வீட்டுக்கு முன்சுவத்துல வெயில் விழுகாது. சூரியன் தெக்கால சாய்ஞ்சுதான் போகும். நாங்க பொஸ்தகத்துலயே படிச்சிருக்கறோம். இங்க வாசல்ல வெயில் அடிக்குது, மரத்தோட நெழலு வீட்டுப் பக்கமா விழுகுது. நடக்காத நெழலு."

"அது மட்டும் நடக்கும் கண்ணு," என்றார் வீரலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆனி மாசம் காலைல சூரியன் வடக்க தள்ளித்தான் மொளைக்கும். எங்க வாசல்ல வெயிலு வந்து உழும். நான் அங்கதான மொளகா காயப் போடறது. இந்தப் போட்டோ ஆனியில எடுத்ததுதான்."

முனவருக்கு ‘எங்க வாசல்’ என்ற சொல்லும் ‘போட்டோ’ என்ற சொல்லும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. ஜமீர் பாய் அதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டார்.

பட்டறைக் காலண்டரில் போடுவதற்காக எடுத்த போட்டோ அது. போட்டோக்காரன் கம்பியை அழித்து, வானத்துக்கு நீலம் பூசி, பெரிதாகப் போட்டுக் கொடுத்திருந்தான். கட்டப்போகும் எல்லா வீடும் இதேபோல இருக்கட்டும் என்று சொல்லத்தான் பொன்னுசாமி அதை முதலில் எடுத்து வைத்தார். சுவரில் ஒட்டியது ஒரே அச்சில் வார்த்த சிமெண்ட் கல். மூலை உடைந்த அச்சு மலிவாகக் கிடைத்திருந்தது. வாசலுக்கு மண் கொட்டி மேடாக்கிய பிறகு படி சரியாகிவிடும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார், மண் இன்னும் வரவில்லை. கதவு, கோலார் பக்கம் இடித்த ஒரு சினிமாக் கொட்டகையில் ஏலம் எடுத்தது. இதையெல்லாம் வீரலட்சுமிதான் சொன்னார். கேட்க ஆள் கிடைத்த வேகத்தில் சொன்னார். பொன்னுசாமி ஜன்னலுக்கு வெளியே டயர் கடையின் போர்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

முனவருக்கு அவமானத்தில் கழுத்து வரைக்கும் சுட்டது. மனிதர் சம்பாதித்துக் கட்டிக் குடியேறிய வீட்டை அவர் முகத்துக்கு நேரே நாய், யானை, கோழி என்று ஒரு மிருகக்காட்சிச் சாலையே ஆக்கிவிட்டாளே. மூலையில் லால் பாஷா கீபோர்டுக்குள் தலையை விட்டுக் குலுங்கிக்கொண்டிருந்தான். எழுந்து போய் ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

பொன்னுசாமி கவருக்குள் கையை விட்டு இன்னொரு படத்தை எடுத்தார். "இதுதான் பெங்களூர்க்காரங்க குடுத்தது. இதையும் சொல்லு."

முனவர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கல்லைப் பார்த்தாள். ஒவ்வொரு வரிசையிலும் வேறு வேறு கல், எங்கேயும் திரும்ப வரவில்லை. தூண், தொட்டி, கார் எல்லாவற்றுக்கும் அடியில் கருப்புக் கோடு இருந்தது. கதவுப் பிடியும் காரின் உயரமும் ஒத்துப்போயின. நிழலெல்லாம் ஒரே பக்கம். பாவிகள், ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை.

ஜமீர் பாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லேன் என்று கெஞ்சுகிற பார்வை. சொல்லலாம். நிழல் கொஞ்சம் கோணல் என்றால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நிழல் விஷயத்தில் இப்போதுதான் ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அதோடு, நல்ல வேலையைப் பார்த்துக் கெட்டது என்று சொல்ல அவள் வாய்க்கு வராது. எதற்கெல்லாமோ வரும், அதற்கு வராது. கண்ணாடிக் கூண்டும் சிவப்பு நம்பரும் ஒரு நிமிஷம் முன்னால் வந்து போயின.

"இதுல குத்தம் இல்லைங்க சார்," என்றாள். "நல்லாப் பண்ணியிருக்காங்க. எங்க பாஷாவுக்கு இவ்வளவு சுத்தமா வர நாளாகும்."

லால் பாஷா குலுங்குவதை நிறுத்தினான். ஜமீர் பாய் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

பொன்னுசாமி இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் வீட்டுச் சுவரில் அந்த நாய்க்காதை விரலால் ஒவ்வொன்றாகத் தேடித் தொட்டார். இனி வாழ்நாள் பூரா அது அவர் கண்ணில் படும், பாவம்.

"அவங்க படம் குடுத்த அன்னிக்கு அவங்ககிட்டயும் இந்தப் போட்டோவக் காமிச்சேன்," என்றார் மெதுவாக. "சூப்பர் சார், சூப்பர் சார்ன்னானுங்க. காப்பியெல்லாம் குடுத்தானுங்க. அவனுங்க பேச்சக் கேட்டிருந்தா வரிசையா எல்லா வீட்டையும் இந்தப் போட்டோ மாதிரியே வரைஞ்சு, கட்டியும் முடிச்சிருப்பேன்."

அவர் ஜமீர் பாய் பக்கம் திரும்பினார்.

"ஜமீர் பாய், வேலைய நீங்களே பண்ணுங்க. கட்டி முடிச்ச பொறவு குத்தம் சொல்றதுக்கு எனக்கு வீட்டுலயே ஆளு இருக்குது. கட்டறதுக்கு முன்னால சொல்லத்தான் ஆளு இல்ல. இந்தப் பொண்ணு பாத்துச் சரின்னு சொல்லாத ஒரு படமும் எனக்கு வேண்டாம்."

முனவருக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நன்றிங்க சார்," என்று மட்டும் சொன்னாள்.

"ஒண்ணு மட்டும்," என்றார் பொன்னுசாமி எழுந்துகொண்டே. "அந்தக் கதவப் பத்தி இனிமே யாரும் பேசப்படாது."

"மொதல்ல அந்தக் கதவுதான்," என்று சொல்லி வீரலட்சுமி முனவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.