பார்வதம்மா மாடிக்கு ஓவர்சியர் எழுதிய கடிதம்

ராபர்ட்சன்பேட்டையில் சாப்பாட்டுக்கடை நடத்திய பார்வதம்மாவுக்கு மாடி கட்டியே தீரவேண்டும். தினம் வந்து சாப்பிடுகிற தங்கச் சுரங்க ஆட்களில் ஆறு பேரை மேலே தங்கவைக்கலாமே! ஆனால் பேட்டை அலுவலகத்தில், இந்த வீடு இன்னொரு தளத்தைத் தாங்குமா என்று விவரம் தெரிந்தவரிடம் கடிதம் வாங்கிவரச் சொல்லிவிட்டார்கள்.

விவரம் தெரிந்தவர் ஏசுபாதம். சுரங்கத்தில் கட்டட ஓவர்சியர். பார்வதம்மாவின் மீன்குழம்புக்கு எட்டு வருஷத்து அடிமை.

மனிதர் வேலையில் கறார். சுவரை அளந்தார்; ஒன்றரை அடிக் கருங்கல், சுண்ணாம்புக் காரை. ஆணியால் காரையைச் சுரண்டிப் பார்த்தார்; உதிரவில்லை. முன்பக்க மூலைகள் இரண்டையும், பின்பக்கத்தில் ஒன்றையும் தோண்டச் சொன்னார். மூன்றிலும் இரண்டடியில் பாறை. நாலாவது மூலையில் விறகு மலைபோல் கிடந்தது. மூன்றைப் பார்த்தாயிற்று, நாலாவது மட்டும் பறந்தா போகும்? "தாங்கும்" என்று எழுதிக் கொண்டுவந்து, சாப்பிட உட்கார்ந்தவர்கள் காதிலும் விழும்படி வாசித்தார்.

"மெய்யாலுமா சொல்றீங்க?" என்றாள் பார்வதம்மா.

"நானே எழுதியிருக்கேனே, இன்னும் இன்னா சந்தேகம்?"

"அப்போ மாடியில மொதல் ரூம் உங்களுக்குத்தான். வந்து படுத்துக்குங்க."

இலைமுன் உட்கார்ந்திருந்த சுரங்க ஆள் தசரதன் சிரித்தான். "ஓவர்சியரய்யா, சுரங்கத்துக்குள்ள பாறை வெடிச்சு மேல பூமி குலுங்கறப்போ நீங்க மேலயா கீழயான்னு நாங்க வந்து பாக்கறோம்."

ஏசுபாதம் கம்பீரமாகத்தான் தலையாட்டினார். ஆனால் அன்று மீன்குழம்பைப் பாதியிலேயே விட்டார். கடிதத்தைக் கொடுக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் விடிந்ததும் வந்து நின்றார். "அம்மா, அந்த விறகைக் கொஞ்சம் எடுக்கணும்."

"இன்னாத்துக்கு? தாங்கும்னீங்களே!"

"நான் படுக்கப்போற வீடாச்சே!"

நாலாவது மூலையில் நாலடி தோண்டியும் பாறை வரவில்லை. கடப்பாரை பொதபொதவென்று இறங்கியது. எப்போதோ யாரோ பொன் தேடி வெட்டிவிட்டு, மண்ணைத் தள்ளி மூடிய பழைய குழி. ஒரு தளத்துக்கு இத்தனை நாள் தாங்கியதே பெரிது. ஏசுபாதத்துக்குக் காது சிவந்தது. கடிதத்தைக் கிழித்து, புதிதாக எழுதினார்: 'இப்போதைய நிலையில் தாங்காது. வடகிழக்கு மூலையில் சுவருக்கு முட்டுக் கொடுத்து, அடிமண்ணை ஒரேயடியாக எடுக்காமல் மும்மூன்று அடியாக இடம்விட்டு எடுத்து, பாறைவரை கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டி, அது இறுகிய பிறகே மாடி. மாடிக்கு மரச்சட்டமும் தகரக் கூரையுமே போதும்.'

வாசித்ததும் பார்வதம்மா இடுப்பில் கைவைத்தாள். "நேத்து தாங்கிச்சு, இன்னைக்குத் தாங்கலியா?"

"நேத்து தப்பு பண்ணிட்டேம்மா. நாலாவதையும் பாத்திருக்கணும்."

அந்த வார்த்தைக்கு அவளால் கோபிக்க முடியவில்லை. மூலையைக் கட்ட ஒரு மாதம், காய ஒரு மாதம். முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்தாள். அதற்குப் பிறகு மாடி எழும்பியது.

முதல் அறைக்கு ஏசுபாதம் பெட்டியோடு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூமி குலுங்கியபோது கீழே எல்லோரும் எழுந்து நின்றார்கள். மேலிருந்து அவருடைய குறட்டை மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.