மச்சான் பாக்கி

பெயின்ட் மொத்த விற்பனைக் கடையில் நான் புதுக் கணக்காளர். பணம் வராத பில்களை வயதுவாரியாகப் பிரித்தபோது, முதலாளியின் மச்சான் பெயர் முப்பது நாளுக்குட்பட்ட கட்டத்தில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. மாதாமாதம் கொஞ்சம் கட்டுகிறாராம். எனக்கு முன்பிருந்தவர், மச்சான் கடைசியாகக் கட்டிய தேதியிலிருந்தே மொத்தப் பாக்கிக்கும் வயது எண்ணியிருக்கிறார். சில்லறையை வீசினால் பழைய பில் புதுசாகிவிடுமா? எரிச்சலோடு ஒவ்வொரு பில்லையும் அதனதன் தேதிப்படி தள்ளினேன். அத்தனையும் ஒரு வருடம் தாண்டிய கட்டத்தில் விழுந்தன. அந்தக் கட்டத்தில் பாதி வராது என்பது கடையின் அனுபவம். வராக்கடன் மதிப்பீடு மூன்று மடங்கானது.

முதலாளி முகம் கறுத்தது. "இதைப் பார்த்தா பேங்க்ல கடனை நீட்டிப்பானாம்மா? மாசம் தவறாம கட்டுற ஆளு. பழையபடியே போடு."

செக்கில் கையெழுத்துப் போட வந்த அவர் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பாதி இல்லம்மா, முழுசும் வராதுன்னே போடு," என்றார் என்னிடம். பிறகு கணவரைப் பார்த்தார். "தம்பி கடையைப் பூட்டி ஆறு மாசமாச்சுங்க. அவன் கட்டுறது, நீங்க எனக்குக் குடுக்கற வீட்டுச் செலவுப் பணம்."